துக்கம் கேட்கப் போக நூல் சேலையா, சில்க் காட்டனா?

போன வருடம் பெரியம்மா முறையில் ஒருவர் தவறிவிட்டார். சாம்பல் நிறத்தில், ஒல்லியான ஜரிகையும் மெரூன் கரையும் வைத்த சில்க் காட்டன் உடுத்திப் போனேன். நிறம் அடக்கம், மரியாதையாகவும் இருக்கும் என்று எண்ணித்தான் எடுத்தேன். அங்கே இருந்தவரை அது பொருத்தமாகத்தான் இருந்தது. வீடு திரும்பியபோதுதான் தவறு புரிந்தது.

எங்கள் பக்கம் துக்க வீட்டிலிருந்து வந்தால் உள்ளே எதையும் தொடாமல் தலைக்குக் குளித்து, உடுத்தியிருந்ததை முழுக்க நனைத்துப் போட வேண்டும். பக்கெட்டில் அமுக்கிய கொஞ்ச நேரத்திலேயே மெரூன் சாயம் சாம்பல் உடம்பில் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டது. காய்ந்த பிறகு ஜரிகை ஓரம் சுருங்கி, கரை நெளிநெளியாக நின்றது. ட்ரை வாஷுக்குத் தள்ளிப்போட இதில் வழியில்லை, நனைத்தே ஆக வேண்டும். என் வரையில் எதை உடுத்துவது என்பதை இந்த ஒன்றுதான் முடிவு செய்கிறது.

அதனால் இப்போது பல வருடம் துவைத்த நூல் சேலைதான். போக வேண்டிய சாயமெல்லாம் முன்பே போயிருக்கும். சந்தேகமிருந்தால் முந்தானை நுனியை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால் அது இதற்கு ஆகாது. கஞ்சியும் போட வேண்டாம். விறைப்பான சேலை தரையில் உட்கார்ந்து எழும்போது சரசரக்கும், கொசுவம் குடைபோல் விரியும். அதற்கு அடுத்த மாதம் தோழி வீட்டுத் துக்கத்துக்குப் பழைய வாயில் சேலையில் போனேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தோள் பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் அவள் முகத்தில் உறுத்த அதில் ஒன்றுமில்லை.

பாலியஸ்டர் ஜார்ஜெட்டை நனைப்பதும் காயவைப்பதும் சுலபம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கூட்டத்தில் வேர்த்துக் கொட்டும், குனியும்போதெல்லாம் முந்தானை வழுக்கும்.

நிறத்தில், சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை வேண்டாம் என்பது தெரிந்ததே. சுத்த வெள்ளைச் சேலையைச் சுமங்கலிகள் உடுத்தினால் பல வீடுகளில் பெரியவர்களுக்கு மனம் கஷ்டப்படும். வெளிர் நீலம், சாம்பல், மங்கிய பழுப்பு போதும். பூ வேண்டாம். காதில் தினமும் போடும் தோடே இருக்கட்டும்.

ஆண்களைப் பற்றி என் கணவர் உடுத்துவதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒல்லிக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டையும் பழசுதான், புதுக் கஞ்சி மொடமொடப்பு இல்லாதது. கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளுக்கு நான் போனது குறைவு. அங்கேயும் இதே வாயில் சேலையில்தான் போனேன். பள்ளிவாசல் தெருவில் மட்டும் முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன், நூல் சேலை வழுக்காமல் நின்றது.