வாட்டர் ஃபில்டர் திடீரென்று வேகமாக வடிகிறதா? உடனே கேண்டிலைக் கழற்றிப் பாருங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது பழைய எவர்சில்வர் ஃபில்டர். மேலே பத்து லிட்டர், உள்ளே இரண்டு வெள்ளைக் கேண்டில். புதிதாக இருந்தபோது ராத்திரி ஊற்றினால் விடிவதற்குள் மொத்தமும் கீழே இறங்கிவிடும். போன ஆடியில் காவிரியில் புதுத்தண்ணீர் வந்து, திருச்சியில் எங்கள் தெருக் குழாயும் கலங்கலாக வந்தது. அதற்குப் பிறகு காலையில் பார்த்தால் கீழே மூன்று லிட்டர்கூட இல்லை.

வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்வதாகச் சொன்ன ஒருவரை வரவழைத்தேன். வந்ததும் பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் வைத்தார், 310. வடிகட்டிய தண்ணீரில் வைத்தார், அதே 310. "பாத்தீங்களா சார், கேண்டில் செத்துப்போச்சு. ஆர்ஓ போட்டுடுங்க" என்றார். அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பை. கேண்டிலின் வேலை மண், தூசு, கிருமிகளைப் பிடிப்பது. உப்பை அது தொடாது. நேற்று வாங்கிய கேண்டிலில் வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வரும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

ஆர்ஓ வேண்டாம் என்றதும் "அப்ப சர்வீஸ் பண்ணித் தரேன்" என்று கொல்லைப்பக்கம் எடுத்துப் போனார். கால் மணி நேரத்தில் பளிச்சென்று வெள்ளையாகக் கொண்டுவந்தார். புது வாஷர் உட்பட 650 ரூபாய். அன்று பத்து லிட்டரும் நாற்பது நிமிடத்தில் இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம். நான்காம் நாள் அம்மாதான், "டேய், தண்ணி சேத்து வாடை அடிக்குதுடா" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். ஒரு கேண்டிலின் தலைப்பக்கம் கீறல் கீறலாகத் தேய்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதை வாளித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தண்ணீருக்குள் வைத்தபடியே அடித்தண்டில் ஒரு டியூபைச் செருகி ஊதினேன். நல்ல கேண்டில் என்றால் ஈரமான நுண்துளைகள் வாய்க்காற்றை விடாது. இதிலோ ஒரே கோட்டில் குமிழி குமிழியாக வந்தது. மயிரிழை விரிசல்.

வாஷரும் பழையதுதான். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். மேல் பாத்திரத்தைத் தனியே தூக்கி, கீழே ஒரு கிண்ணம் வைத்து, கேண்டிலின் பிளாஸ்டிக் அடிப்பாகம் மட்டும் முழுகும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். வெள்ளைப் பகுதியைத் தண்ணீர் தொடக்கூடாது. அப்போது ஒரு சொட்டுகூட விழக்கூடாது. எனக்கு நட்டைச் சுற்றிச் சொட்டிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் நாங்கள் குடித்ததில் பெரும்பகுதி, வடிகட்டாத குழாய்த் தண்ணீர்.

உண்மையில் அன்று தேவைப்பட்டது பத்து நிமிட வேலை. கேண்டிலின் மேல் படிந்திருந்த பழுப்பு வண்டல்தான் துளைகளை அடைத்திருந்தது. பிளாஸ்டிக் அடியைப் பிடித்துக்கொண்டு, ஓடும் தண்ணீரில் மிருதுவான பிரஷ்ஷால் தலையிலிருந்து அடிவரை தேய்த்தால் போதும். சோப்பு வேண்டாம், துளைக்குள் இறங்கி ருசியைக் கெடுக்கும். கம்பி நார் போடவே கூடாது. தண்ணீர் வெளியேறும் அடித்தண்டில் அழுக்குக் கை படக்கூடாது, அந்தப் பக்கம் சுத்தமான பக்கம். கொதிக்கவைக்கலாமா என்பது கேண்டிலைப் பொறுத்தது: உள்ளே கரி இருக்கிற வகையைக் கொதிக்கவைத்தால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். கலங்கல் காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் வேகம் குறையும்போது கழுவினால் சரி. மேலே தண்ணீர் குறையக் குறைய அழுத்தமும் குறைந்து வடிவது மெதுவாகும். அது கோளாறு இல்லை.

கழுவிய மறுநாளே மறுபடி அடைத்தால், அல்லது விரிசல் தெரிந்தால், அல்லது தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சில கேண்டிலோடு ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் தருவார்கள். அதன் இடைவெளிக்குள் கேண்டில் தடையில்லாமல் நுழைந்தால் ஆயுள் முடிந்தது. கரி வைத்த வகைக்கு இந்தக் கணக்கு போதாது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருக்கும் கரியைக் கழுவ முடியாது, அதனால் நன்றாக வடிந்தாலும் அட்டையில் போட்டிருக்கும் மாதக் கணக்கில் மாற்றுங்கள். இன்னும் ஒன்று: மஞ்சள் காமாலைக் கிருமி மாதிரி மிகச் சிறியவற்றைக் கேண்டில் முழுதாகத் தடுக்காது. ஊரில் காமாலை என்றால் வடிகட்டிய பிறகு கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இரண்டு புதுக் கேண்டில், புது வாஷர் வாங்கி நானே மாட்டினேன். முறுக்கும்போது வெள்ளைப் பகுதியைப் பிடிக்காமல் அடியைப் பிடித்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்கினேன். முதல் இரண்டு தடவை வடிந்ததைச் செடிக்கு ஊற்றினேன். இப்போது பழையபடி ராத்திரி முழுக்க வடிகிறது.

650 ரூபாயைத் திருப்பிக் கேட்டு அவருக்குப் போன் போட்டேன். "வேகமா வரணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க" என்று வைத்துவிட்டார்.