ஒரு புள்ளிப் படமும் என் விலைபேரமும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

மேல்விஷாரத்தில் உள்ள ஒரு தோல் பதனிடும் ஆலைக்குச் சாயமும் ரசாயனமும் வாங்கிப் போடுவது என் வேலை. வரும் மின்னஞ்சல்களில் பாதி விலைப்பட்டியல்கள்தான். வேலூரில் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகும் கைப்பேசியில் அவற்றைத் திறந்து, யார் கிலோவுக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் திட்டு விழும், பழக்கம் போகாது.

ஒரு முறை கறுப்புச் சாயத்துக்கு மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தேன். அதில் ஒரு விற்பனைப் பிரதிநிதியின் பட்டியலை மூன்று இரவுகள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். நான்காம் நாள் காலை அவரே அழைத்தார். விலையைக் குறைக்கச் சொன்னேன். "மூன்று நாளாக ராத்திரியில் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே சார், இன்று முடித்துவிடலாமே" என்று சிரித்தார். ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. எனக்கு அந்தச் சாயம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லித் தெரிந்ததல்ல.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். அந்த அஞ்சலின் மூல நிரலைத் திறந்து, அடியில் இப்படி ஒரு வரியைக் காட்டினான் (முகவரியை மாற்றியிருக்கிறேன்):

```
<img src="https://img.example.com/o?id=7f3a91c2" width="1" height="1">
```

அகலம் ஒன்று, உயரம் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம். அஞ்சலோடு அந்தப் படம் வருவதில்லை. அனுப்பியவரின் சர்வரில் இருக்கிறது. நாம் அஞ்சலைத் திறக்கும்போது செயலி போய் அதைக் கேட்கிறது. முகவரியின் கடைசியில் உள்ள எண் எனக்கென்று மட்டும் கொடுத்த எண். ஆகவே படம் கேட்கப்பட்ட கணத்தில், இன்னார் இந்த நேரத்தில் திறந்தார் என்று அங்கே பதிவாகிவிடும். கூடவே நம் ஐபி முகவரியும், எந்தக் கருவி, எந்தச் செயலி என்ற விவரமும் போய்ச் சேரும்.

அன்றிலிருந்து அலுவலகக் கணினியில் தண்டர்பேர்ட், கைப்பேசியில் ஃபேர்இமெயில். இரண்டுமே அஞ்சல் செயலிகள்; வெளியிலிருந்து வரும் படங்களைக் கேட்காமல் இறக்குவதில்லை. இரண்டரை ஆண்டு ஆகிறது.

முதல் மாதம் எரிச்சல்தான். அஞ்சல்கள் சுண்ணாம்பு அடிக்காத சுவர் போல இருந்தன. ஆனால் எனக்கு வேண்டியது எழுத்தும் இணைப்புக் கோப்பும்தான் என்பதால் சீக்கிரம் பழகிவிட்டது.

அனுப்புகிறவருக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகனும் சோதனை செய்தோம். அவன் வாடகைக்கு வைத்திருக்கும் சர்வரில் 43 பைட் அளவுள்ள வெற்றுப் படம் ஒன்றைப் போட்டான். நான்கு பேருக்கு நான்கு வெவ்வேறு எண்களோடு அஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படங்களைத் தானாகக் காட்டும் பழைய செயலி வைத்திருந்த நண்பர் திறந்தவுடன் அவருடைய கைப்பேசியின் மாடல் எண் உட்பட வந்து விழுந்தது. ஊர் மட்டும் சென்னை என்று காட்டியது. ஆள் இருந்தது காட்பாடியில். மொபைல் இணைப்பில் ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகிப்பது பெரும்பாலும் இந்த லட்சணம்தான். நான் தண்டர்பேர்டில் திறந்தேன். ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. மற்ற இருவரின் பதிவுகள் இவை:

```
21:14  Mozilla/5.0 (Windows NT 5.1; rv:11.0) Gecko Firefox/11.0 (via ggpht.com GoogleImageProxy)
06:52  Mozilla/5.0
```

முதலாவது என் மனைவியின் ஜிமெயில். புதிய கைப்பேசியில் திறந்தார். பதிவோ விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி என்கிறது. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே வாங்கித் தருகிறது. அதனால் நம் ஐபி முகவரியும் கருவியும் மறைந்துவிடுகின்றன. ஆனால் நேரத்தைப் பாருங்கள்: 9.14. அவர் திறந்ததும் 9.14-க்குத்தான். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஜிமெயில் மறைப்பது நம் இடத்தை. திறந்தோம் என்ற தகவலை அல்ல. விலைபேரத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தது இடமா? நேரம்தான். ஜிமெயில் அமைப்புகளில் வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி மாற்றிவிட்டால் அதுவும் போகாது. மனைவியின் கைப்பேசியில் அன்றே மாற்றினேன்.

இரண்டாவது ஆம்பூரில் இருக்கும் என் தங்கையின் ஐபோன். காலை 6.52-க்குத் திறந்ததாகப் பதிவு. கேட்டால், "நான் அதைத் திறக்கவே இல்லையே அண்ணா" என்கிறாள். அவள் சொன்னது உண்மைதான். ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த பாதுகாப்பு, நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்களைப் பின்னணியில் தானே வாங்கி வைத்துவிடுகிறது. அனுப்பியவருக்கு எல்லோரும் திறந்தது போலவே தெரியும். அந்தத் தகவலை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பிளின் சொந்த மெயில் செயலியில்தான் இது நடக்கும்.

என் செயலி மௌனம் காக்கிறது, தங்கையின் செயலி பொய் சொல்கிறது. எனக்கு மௌனம் பிடித்திருந்தாலும் அதற்கும் ஒரு விலை உண்டு என்று பிறகு தெரிந்தது. விரும்பிப் படித்துவந்த தோல் வணிகச் செய்திமடல் ஒன்று, "நீங்கள் எங்கள் அஞ்சல்களைத் திறப்பதில்லை, பட்டியலிலிருந்து நீக்கப்போகிறோம்" என்று எழுதியது. ஒரு வாரமும் தவறாமல் படித்தவன் நான்! தொடர விரும்பினால் ஒரு இணைப்பை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன்.

ஓட்டையும் இப்படிப்பட்ட இணைப்புகளில்தான் இருக்கிறது. ஒரு வருடம் அமைதியாக இருந்த அதே பிரதிநிதி, சென்ற ஆண்டு ஒரு காலை அழைத்து, "பட்டியல் வந்து சேர்ந்ததல்லவா சார், இரவு பார்த்திருப்பீர்கள்" என்றார். படங்கள் எதையும் நான் இறக்கவில்லை. தண்டர்பேர்டில் கண்ட்ரோலும் யூ எழுத்தும் சேர்த்து அழுத்தி மூலத்தைப் பார்த்தேன். புள்ளிப் படம் வழக்கம்போல் இருந்தது. பிடிஎஃப் கோப்பு மட்டும் இம்முறை இணைக்கப்படவில்லை; "பட்டியலைப் பதிவிறக்க" என்று ஒரு பொத்தான். அதன் முகவரி முதலில் அவர்களுடைய கண்காணிப்பு சர்வருக்குப் போய், என் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் கோப்புக்குத் திருப்பிவிட்டது. படத்தைத் தடுக்கும் எந்தச் செயலியாலும் இதை மறைக்க முடியாது. அழுத்தியது நான் அல்லவா.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். ஃபேர்இமெயில் மற்றப் படங்களைக் காட்டச் சொன்னாலும், புள்ளிப் படம் என்று தான் அடையாளம் காண்பவற்றை நிறுத்தி வைக்கிறது. தண்டர்பேர்டில் அந்தப் பிரிவினை இல்லை. வெளிப்படங்களைக் காட்டச் சொன்னால் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் நிறுவனத்தின் பெரிய சின்னத்தின் முகவரியிலேயே நம் எண்ணை ஒட்டி வைத்தால், ஃபேர்இமெயில் அளவை வைத்துப் பிடிக்கும் வழியும் தோற்றுவிடும். ஆகவே சாய நிறங்களின் படத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், மறுநாள் ஆலைக்கு வந்து பதினோரு மணிக்கு மேல் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பார்த்தது தெரிந்தால் தெரியட்டும்.

இப்போது விலை கேட்கும்போதே, பிடிஎஃப் கோப்பை அஞ்சலோடு இணைத்து அனுப்புங்கள், பதிவிறக்கும் பொத்தான் வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன். பெரும்பாலோர் அப்படியே செய்கிறார்கள். அந்தப் பிரதிநிதி மட்டும் சென்ற மாதம் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே நீல டிக்கை எப்போதோ அணைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அழைத்து, "சார், பட்டியலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைத்தார்.