கறுவா இலை எண்ணெய் அறிக்கை: எதற்கு வரைபடம், எதற்கு ஒளிப்படம்

உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் கறுவா இலையிலிருந்து கொதிநீராவியால் எண்ணெயைப் பிரித்தெடுத்து எழுதித் தரும் அறிக்கைகளில் பெரும்பாலும் மூன்று படங்கள் இருக்கும். ஒன்று, ஆய்வுகூடத்தில் கைத்தொலைபேசியால் எடுத்த உபகரண ஒளிப்படம். இரண்டாவது, அதே உபகரணத்தின் கோட்டு வரைபடம். மூன்றாவது, எண்ணெயின் முக்கிய கூறான இயூஜினோலின் கட்டமைப்புச் சூத்திரம். யாழ்ப்பாணத்தில் இவ்வகை அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருபவன் என்ற முறையில், மாணவர்கள் இப்படங்களைத் தனித்தனியே வாசிக்கிறார்கள் என்பதையும், ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாசிப்பவர் மிகக் குறைவு என்பதையும் கண்டிருக்கிறேன். ஒப்பிட்டால்தான் எந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை தரும், எதில் அது ஏமாற்றும் என்பது தெரியவரும்.

முதலில் நீராவி செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். இந்தக் கேள்விக்கு வரைபடமே தெளிவான விடை தரும். நீராவியைக் கொண்டுவரும் கண்ணாடிக் குழாய் இலை இருக்கும் குடுவையின் அடிக்கு அருகில் வரை இறங்க வேண்டும். ஆவியை ஒடுக்கிக்குக் கொண்டுபோகும் குழாயோ அடைப்பானுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட வேண்டும். இரண்டும் ஒரே அடைப்பானுக்குள் நுழைவதால் ஒளிப்படத்தில் அவை ஒரே மாதிரித் தெரியும். உள்ளே இலையும் ஆவிப் படலமும் மறைத்துக்கொள்வதால் எது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடம் குடுவையை வெட்டிக் காட்டுவதால் அந்த வேறுபாடு ஒரே பார்வையில் புலப்படும். குழாய்கள் இடம் மாறியிருந்தால் நீராவி இலையினூடாகப் போகாமல் மேலாகவே கடந்துவிடும். அடியில் இருக்கும் நீரோ நீண்ட குழாய் வழியாக ஒடுக்கிக்குள் தள்ளப்படும்.

வரைபடத்தை வாசிக்கும்போது நான் மாணவர்களிடம் கேட்பது ஒரே வேலைதான். சுடருக்கு மேலுள்ள குடுவையில் விரலை வைத்து, ஆவி போகும் வழியே நகர்த்திக்கொண்டு போய்க் கடைசியில் வெளிக்காற்றை அடைய வேண்டும். வழியில் ஒரு கோடு குழாயை மூடிக் குறுக்கே நின்றால், அல்லது வடிநீர் சேரும் குடுவையின் வாய் இறுக அடைக்கப்பட்டதாக வரையப்பட்டிருந்தால், அந்த வரைபடத்தின்படி உபகரணம் பூட்டிய பாத்திரமாகிவிடும். சூடாக்கினால் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். மாணவர் உண்மையில் அப்படிச் செய்திருக்க மாட்டார், கையால் வரையும்போது ஒரு கோடு கூடிவிட்டது என்பதே வழமை. இதை உறுதிசெய்ய ஒளிப்படம் உதவும், ஏனெனில் வடிநீர் சேரும் பாத்திரத்தின் வாய் திறந்திருக்கிறதா என்பது படத்தில் வெளியே தெரியும்.

குளிர்நீரின் திசையில் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. நீர் ஒடுக்கியின் தாழ்ந்த முனையால் நுழைந்து உயர்ந்த முனையால் வெளியேற வேண்டும்; அப்போதுதான் வெளியுறை முழுவதும் நிரம்பி நிற்கும். வரைபடத்தில் இதை இரு அம்புக்குறிகள் சொல்லிவிடும், ஆனால் அம்புக்குறிகள் புத்தகத்தைப் பார்த்து எழுதப்பட்டவையாக இருக்கலாம். உண்மையில் எப்படி இணைத்தார்கள் என்பதை ஒளிப்படத்தில்தான் தேட வேண்டும். இரண்டு இறப்பர்க் குழாய்களில் எது தண்ணீர்க் குழாய்க்குப் போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். அது படத்துக்கு வெளியே போய்விட்டால், வெளியுறையின் மேற்பக்கத்தில் காற்று நிற்கும் எல்லை தெரிகிறதா என்று பாருங்கள். நீர் மேலிருந்து நுழைந்தால் அது அடிப்பக்கமாக ஓடி வடிந்துவிடும், உறையின் மேற்பகுதி வெறுமையாக நிற்கும். எங்கள் பகுதியில் இன்னொரு தடையும் உண்டு. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரைத் தாங்கியில் ஏற்றி ஒடுக்கிக்குள் ஓடவிடும் ஆய்வுகூடங்களில், சில வருடங்களில் உறையின் உட்புறம் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒடுக்கியின் ஒளிப்படத்தில் காற்றெல்லையும் தெரியாது, உள்ளே வடியும் துளியும் தெரியாது. அங்கே மாணவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

இனி எண்ணெய் எங்கே நிற்கிறது என்ற கேள்வி. ஒப்பீட்டில் மிகவும் பயனுள்ள இடம் இதுவே என்பதால் ஒரு அறிக்கையை முழுமையாகச் சொல்கிறேன். அந்த மாணவர் 100 கிராம் உலர்ந்த இலையைப் பயன்படுத்தி, 60 மில்லிலீற்றர் அளவில் பால்போலக் கலங்கிய வடிநீரைச் சேர்த்து, ஒரு இரவு விட்டுவைத்திருந்தார். அவர் வரைந்த பிரிபுனலில் எண்ணெய்ப் படை மேலே மஞ்சளாக நிழலிடப்பட்டிருந்தது. ஒட்டியிருந்த ஒளிப்படத்திலோ சோதனைக்குழாயின் அடியில் வெளிர்மஞ்சள் துளி ஒன்று கிடந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

“சேர், புத்தகத்திலை எண்ணெய் மேலைதானே நிக்குது,” என்றார்.

“வடிநீருக்கு உப்புப் போட்டனீரோ?”

“இல்லை சேர், ஒண்டும் போடேல்லை.”

அப்படியானால் ஒளிப்படமே சரி. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துப் பழகிய கண், எந்த எண்ணெயையும் மேலே வரையத்தான் சொல்லும். ஆனால் கறுவா இலை எண்ணெயின் பெரும்பகுதியாக இருக்கும் இயூஜினோலின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1.06 கிராம், தூய நீரைவிடக் கூடியது, ஆகவே அடியில் தங்கும். நான் உப்பைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் உண்டு. நீரில் கரைந்திருக்கும் எண்ணெயையும் வெளியேற்றுவதற்காக வடிநீருக்குக் கறியுப்பு இடுவது வழமையான செய்முறை. நிரம்பல் உப்புக்கரைசலின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.2 வரை போகும். அந்த நிலையில் அதே எண்ணெய் மேலே எழுந்து மிதக்கும். ஆகவே எண்ணெய் மேலே நிற்கும் ஒளிப்படம் ஒன்று வந்தால் அதைப் பிழையென்று வெட்டிவிடக் கூடாது. செய்முறைப் பகுதியில் உப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். உப்பு இட்டதை எழுத மறந்த அறிக்கைகள் பல.

ஒளிப்படத்திலும் எந்தப் படை எண்ணெய் என்று தீர்மானிப்பதில் கவனம் வேண்டும். அறுபது மில்லிலீற்றரில் எண்ணெய் ஒரு மில்லிலீற்றர் அளவுதான் இருக்கும். ஆனால் பிரிபுனலின் அடிப்பகுதி குழாய்போல ஒடுங்குவதால் அந்த ஒரு மில்லிலீற்றர் நெடிய தூணாக நின்று பெரிதாகத் தோன்றும். உயரத்தைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. அளவுச்சாடியில் எடுத்த படமானால், கைத்தொலைபேசி எந்த மட்டத்தில் பிடிக்கப்பட்டது என்று பாருங்கள். மேலிருந்து சரித்து எடுத்த படத்தில் முன்பக்க அளவுகோடு நீர்மட்டத்தோடு ஒரே நேரில் இராது. வாசிப்பு உண்மையிலும் கூடுதலாகத் தெரியும். சாடியின் பிறைவளைவு ஒற்றைக் கோடாக இல்லாமல் ஒரு நீள்வட்டமாகத் தெரிந்தால், படம் சரிவாக எடுக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது படமான கட்டமைப்புச் சூத்திரத்திலும் போட்டி இரண்டு முறைகளுக்கிடையே இருக்கிறது. எல்லா அணுக்களையும் எழுதிக் காட்டும் முழுச் சூத்திரம் ஒன்று. காபனையும் அதனோடு சேர்ந்த ஐதரசனையும் எழுதாமல், மூலைகளும் முனைகளும் காபன் என்று கொள்ளும் கோட்டுச் சூத்திரம் மற்றொன்று. கோட்டுச் சூத்திரம் அழகானது, வளையத்தின் உருவை உடனே காட்டும். ஆனால் பார்த்து எழுதும்போது ஒரு சிறு கோடு இடம் மாறினால் வேறொரு சேர்வையாகிவிடும், அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இயூஜினோலில் ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு OH, அதற்குப் பக்கத்துக் காபனில் ஒரு OCH₃, OH இற்கு எதிர்ப்புறத்தில் மூன்று காபன் கொண்ட ஒரு சங்கிலி. சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு நுனியில் இருக்க வேண்டும்: CH₂–CH=CH₂. மாணவர் அந்த இரட்டைக் கோட்டை வளையத்துக்கு அருகிலுள்ள பிணைப்பில் வரைந்துவிட்டால் சங்கிலி CH=CH–CH₃ ஆகிவிடும்; அது ஐசோ இயூஜினோல் என்ற வேறு சேர்வை. இங்கே அணுக்களை எண்ணிப் பார்க்கும் வழமையான சோதனை கைகொடுக்காது. ஐதரசனை எண்ணுங்கள்: வளையத்தில் 3, OH இல் 1, OCH₃ இல் 3, சங்கிலியில் முதலாவதுக்கு 2+1+2, இரண்டாவதுக்கு 1+1+3. இரண்டும் 5, மொத்தம் இரண்டிலும் 12. இரண்டின் சூத்திரமும் C₁₀H₁₂O₂, மூலர்த்திணிவும் ஒன்றே. எண்ணிக்கை சரியென்று நிம்மதியடைந்த மாணவர் பிழையான சேர்வையை வரைந்திருப்பார்.

ஆனால் வேறொரு பிழையை எண்ணிக்கை பிடித்துவிடும். OCH₃ ஐக் கோட்டில் வரையும்போது O என்ற எழுத்துக்குப் பின் ஒரு சிறு கோடுதான் வர வேண்டும். அதன் வெறும் முனையே CH₃. அந்த முனையில் எழுத்து இல்லாததால் ஏதோ குறைகிறது என்று எண்ணி இன்னொரு கோட்டை வளைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது காபன் 11, ஐதரசன் 14 என்று வந்துவிடும். எழுதியிருக்கும் சூத்திரத்தோடு ஒப்பிட்டவுடனேயே தெரியும்.

ஆகவே பாடசாலை அறிக்கைக்கு நான் விரும்புவது இரண்டும் கலந்த வடிவம்: வளையத்தைக் கோட்டிலும், பக்கத்தில் தொங்கும் கூட்டங்களை எழுத்திலும் தருவது. வளையத்தின் ஆறு காபனையும் எழுதினால் பக்கம் நிரம்பிக் குழப்பம்தான் வரும், அங்கே பிழை நேர்வதும் அரிது. பிழை நேரும் இடம் சங்கிலி, அதை எழுத்தில் தந்தால் மாணவருக்கே இரட்டைப் பிணைப்பு எங்கே என்று முடிவெடுக்க வேண்டிவரும்.

சில அறிக்கைகளில் தலைப்பு இலையாக இருக்க, சூத்திரமோ கறுவாப்பட்டையின் முக்கிய கூறான சின்னமல்டிகைட்டாக இருக்கும். அதில் OH இல்லை, சங்கிலியின் நுனியில் CHO இருக்கும். இந்தப் பிழையை எந்த வடிவமும் உடனே காட்டிவிடும். சந்தேகமிருந்தால் சோதனைக்குழாயை மணந்து பார்த்த மாணவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம்: இலை எண்ணெய் கறுவாப்பட்டையைவிடக் கராம்பைப் போலவே மணக்கும், ஏனெனில் கராம்பு எண்ணெயிலும் அதே இயூஜினோலே பெரும்பகுதி.

மேலே சொன்ன மாணவர் மறுநாள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். எண்ணெயை அடியில், பிரிபுனலின் திருகுக்குச் சற்று மேலே சிறு துளியாக வரைந்து, பக்கத்தில் “உப்பு இடவில்லை” என்று எழுதியிருந்தார்.