புதுக் கணக்குத் திறந்தேன், அந்தக் காசும் போனது

போன மாதம் என் போன் கீழே விழுந்து ஸ்க்ரீன் செத்துவிட்டது. யாழ்ப்பாண டவுனில் ஒரு கடையில் வேறு போன் வாங்கினேன். கிரிப்டோ வாலட்டையும் புதுப் போனுக்கு மாற்ற வேண்டும் என்றபோது, அங்கிருந்த பெடியன், "பன்னிரண்டு சொல்லையும் வாசியுங்கோ அண்ணை, நான் போட்டுத் தாறன்" என்றான். வாலட்டைத் தொடங்கியபோது அது தந்த அந்தச் சொற்களை மகளின் பழைய கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். வாசித்தால் பிழை வரும் என்று கொப்பியையே கையில் கொடுத்துவிட்டேன். என் புத்தி!

மூன்றாம் நாள் காலையில் வாலட்டில் இருந்த 640 யுஎஸ்டிடி, அதாவது டொலர் மதிப்பிலான கிரிப்டோ காசு, இல்லை. அவன்தான் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தை வேறு யாரும் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அதற்குப் பிறகுதான் செய்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அதே வாலட்டில் Account 2 திறந்தேன். முகவரி முழுக்க வேறு மாதிரி இருந்தது, சரி, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். கனடாவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி அதற்கு 400 அனுப்பச் செய்தேன். அன்றிரவே அதுவும் போனது.

பிறகுதான் ஒரு தம்பி உட்கார்த்தி விளங்கப்படுத்தினான். பாஸ்வேர்டு அந்தப் போனில் இருக்கும் செயலியைத்தான் பூட்டும். காசுக்குச் சாவி அந்தச் சொற்கள். அவற்றை ஹாஷ் என்ற ஒருவழிக் கணக்கில் 2048 சுற்றுப் போட்டால் 512 பிட் நீள விதை எண் ஒன்று வரும். அந்த விதையிலிருந்து, வழி எண்ணை மாற்றி மாற்றி, ஒவ்வொரு கணக்கின் காசையும் எடுக்க உதவும் தனிச்சாவிகளை எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். என் இரண்டு கணக்குகளின் வழி இவை:

```
m/44'/60'/0'/0/0
m/44'/60'/0'/0/1
```

கடைசி எண் மட்டும்தான் வேறு. சொற்கள் கையில் இருப்பவன் தன் போனில் அவற்றைப் போட்டாலே 0, 1, 2 என்று நான் இனித் திறக்கப்போகும் கணக்குகளும் அவனுக்கு வந்துவிடும். ஒரு கணக்கின் தனிச்சாவி மட்டும் கசிந்திருந்தால் அந்த ஒரு கணக்கோடு போயிருக்கும்.

சொற்கள் தொலைந்தாலும் இதே கதிதான், திருடன் மட்டும் இருக்க மாட்டான். மறந்துவிட்டேன் என்று போய்ச் சொல்ல ஒரு வங்கியும் கிடையாது. ஒரு சொல் மட்டும் அழிந்திருந்தால் தப்பலாம்: இந்தச் சொற்களை எடுக்கும் பட்டியலில் 2048 சொற்கள்தான், எந்த இடத்துச் சொல் என்று தெரிந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ஆறேழு சொல் போனால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இப்போது "புதிய வாலட்" என்பதைத் தெரிவு செய்து, புதுப் பன்னிரண்டு சொற்களோடு தொடங்கியிருக்கிறேன். பழக்கத்தில் அனுப்பிவிடுவான் என்று மச்சானின் வட்ஸ்அப்பில் இருந்த பழைய முகவரிகள் இரண்டையும் அழிக்கச் சொல்லிவிட்டேன்.