லாவண்யாவா, இலக்கியாவா?

பெரம்பூரில் பிறந்திருக்கும் உங்கள் தங்கை மகளுக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. குழந்தைக்கு அஸ்வினி நாலாம் பாதம், பஞ்சாங்கப்படி பெயரின் முதல் எழுத்து 'லா'. ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் என்பதால், எழுத்தைப் பிடித்துக்கொள்ளும் முன் பிறந்த நேரத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

பாட்டி கேட்பது லாவண்யா. அழகு என்று பொருள், எழுத்தும் கச்சிதம், ஆனால் வடமொழி. தமிழ் மரபில் ல சொல்லின் முதலில் வராது, இலாபம் என்று எழுதுவதுபோல முன்னால் இ சேர்ப்போம், அதனால் தமிழ்ப்பெயர் வேண்டும் என்கிற அப்பாவுக்கு 'லா'வில் கிடைப்பது கஷ்டம்தான். அவர் தேர்வு இலக்கியா. கூப்பிடும்போது 'லக்கியா' என்றே காதில் விழும், ஆனாலும் முதல் எழுத்து இ, அதைப் பாட்டி ஏற்க மாட்டார். அப்புறம் ஆங்கிலத்தில் Ilakiya, Ilakkiya என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், Lavanya-வில் அந்தத் தொல்லை குறைவு.

என் ஓட்டு இலக்கியாவுக்கு. பெயர் சூட்டும் நாளில் லாவண்யா என்று காதில் மூன்று முறை சொல்லட்டும், மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் இலக்கியா ஏறட்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், ஆங்கில எழுத்துகளை மட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.