மூன்று புள்ளிகளும் ஒரு மெல்லிய முக்கோணியும்

நிலாவெளியிலிருந்து என் மாலை வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் போன வாரம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சதுரக்கோட்டுத் தாள், அதில் P, Q, R என்று பேனையால் குத்திய மூன்று புள்ளிகள். கடற்காற்றுக்குத் தாள் ஒரு பக்கம் தூக்கியிருந்தது. அச்சுகள் படத்துக்குள் விழவில்லை. கீழே எழுதியிருந்தான்: "சேர், மூன்றும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கின்றன. PQR என்ற முக்கோணியின் பரப்பளவு பூச்சியம்."

கட்டங்களை எண்ணினேன். P-யிலிருந்து Q-வுக்கு வலப்பக்கம் 6, மேலே 3. P-யிலிருந்து R-க்கு வலப்பக்கம் 11, மேலே 5. கண்ணுக்கு அது நேர்கோடுதான். அவன் கண்ணை மட்டும் நம்பவில்லை, மூன்று பக்க நீளங்களிலிருந்து பரப்பளவைத் தரும் ஹெரோன் சூத்திரத்தையும் போட்டுப் பார்த்திருந்தான். வினை அங்கேதான் தொடங்கியது.

பக்க நீளங்கள் √45, √29, √146. அவன் ஒரு தசம தானத்துக்கு மட்டந்தட்டியபோது அவை 6.7, 5.4, 12.1 ஆயின. 6.7-ஐயும் 5.4-ஐயும் கூட்டினால் சரியாக 12.1. இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்துக்குச் சமம் என்றால் முக்கோணியே இல்லை. கணக்கில் பிழை ஏதும் இல்லை, விடைதான் பிழை. இரண்டு தசம தானங்களுக்கு (6.71, 5.39, 12.08) நானே செய்து பார்த்தேன். பரப்பளவு சுமார் 2.09 என்று வந்தது. அதுவும் பிழை. மெல்லிய முக்கோணியில், அரைச்சுற்றளவிலிருந்து மிக நீண்ட பக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது மிகச் சிறிய எண். இங்கே அது 0.01-க்கும் கீழே. மட்டந்தட்டலில் வரும் வழு அந்தச் சிறு எண்ணை அப்படியே விழுங்கிவிடுகிறது. கொழுத்த முக்கோணிக்கு ஹெரோன் நல்ல துணை. இதற்கு நான் தொடமாட்டேன்.

ஆள்கூற்று முறையில் வர்க்கமூலமே வராது. P-யை உற்பத்தியாக வைத்துக்கொண்டால் மற்ற இரண்டும் (6, 3), (11, 5). குறுக்கே பெருக்கிக் கழிக்க வேண்டும்:

```
6 × 5 − 11 × 3 = 30 − 33 = −3
பரப்பளவு = ½ × 3 = 1.5
```

சதுர அலகு 1.5, மட்டந்தட்டல் ஏதுமில்லை. கழித்தல் குறி, P, Q, R என்ற வரிசை வலஞ்சுழியாகச் செல்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பரப்பளவையே −1.5 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒரு புள்ளியையே உற்பத்தியாக எடுப்பதால் படத்தில் அச்சுகள் வெட்டுப்பட்டுப் போனாலும் கவலையில்லை.

படித்திறன்களை ஒப்பிடும் வழியையே பலரும் விரும்புவார்கள். PQ-வுக்கு 3/6, அதாவது 0.5. PR-க்கு 5/11, அதாவது 0.4545... இதையும் ஒரு தசம தானத்துக்கு மட்டந்தட்டினால் 0.5 ஆகிவிடும், பையன் மறுபடியும் மாட்டிக்கொள்வான். பின்னமாகவே விட்டுக் குறுக்கே பெருக்கினால் 33, 30. வித்தியாசம் அதே 3. உண்மையில் இது ஆள்கூற்று முறையேதான், சட்டைதான் வேறு. கூடுதலாக, நிலைக்குத்துக் கோடு வந்தால் பூச்சியத்தால் வகுக்கும் தொல்லையும் இருக்கிறது.

சுற்றிலும் செவ்வகம் வரைந்து மூலைகளைக் கழிக்கும் முறை சின்ன வகுப்பில் பழகியது, கண்ணுக்கும் விளங்கும். ஆனால் இங்கே P-யும் R-உம் செவ்வகத்தின் எதிர் மூலைகளில் விழ, Q உள்ளே நிற்கிறது. மூன்று செங்கோண முக்கோணிகளைக் கழித்தால் போதும் என்று மனப்பாடம் செய்தவர் இதில் தடுமாறுவார்.

படம் பற்றி ஒன்று. சரிவாக எடுத்த படத்தில் திரைமேல் அளவுகோல் வைத்து அளந்து பரப்பளவு காண்பது வீண். கமராவுக்குக் கிட்டே உள்ள கட்டம் பெரிதாகவும் தூரத்தில் உள்ளது சிறிதாகவும் தெரியும். கட்டங்களை எண்ணினால் அந்தச் சிக்கல் இல்லை. தாள் தட்டையாக இருக்கும்வரை நேர்கோடு சரிவிலும் நேர்கோடாகவே தெரியும். காற்றில் தூக்கிய தாளில் அதுவும் வளைந்துவிடும்.

புள்ளிகள் கட்ட மூலைகளில் சரியாக விழுந்தால், குறுக்கே பெருக்கிக் கழித்து வந்த 3 என்ற விடை முடிவானது: அவை ஒரே கோட்டில் இல்லை. இடையில் விழுந்திருந்தால் பரப்பளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அந்த 3-ஐ மிக நீண்ட பக்கமான 12.08-ஆல் வகுத்தால், PR என்ற கோட்டிலிருந்து Q எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரியும்: ஏறத்தாழ கால் கட்டம். படத்தில் புள்ளியை வாசிக்கையில் கால் கட்டம் தவறுவது சாதாரணம் என்றால், ஒரே கோடா இல்லையா என்பதை அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அவனிடம் தாளின் நான்கு மூலைகளிலும் கல் வைத்து, நேர் மேலிருந்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். புதிய படத்தில் மூன்று புள்ளிகளும் கட்ட மூலைகளிலேயே இருந்தன.