100 ஏ.எச்சா, 150 ஏ.எச்சா: இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆயுளை வெட்டுவது எது?

இரண்டு சாதாரண சீலிங் ஃபேன், நாலு எல்இடி விளக்கு, ஒரு டிவி, ஒரு வைஃபை ரூட்டர். மின்சாரம் போனால் ஓட வேண்டியது இவ்வளவுதான். கடையில் 100 ஏ.எச், அதாவது 100 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் 150 ஏ.எச் டியூபுலர் பேட்டரியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கடைக்காரர் பேக்கப் நேரத்தை வைத்துத்தான் பேசுவார். ஆயுளைப் பற்றிக் கேட்டால் வாரண்டி அட்டையைக் காட்டுவார். ஆனால் இந்த இரண்டில் எது எத்தனை வருஷம் நிற்கும் என்பது, ஒவ்வொரு தடவையும் அதை எவ்வளவு ஆழம் வரை காலி செய்கிறோம், காலியானதை எப்படித் திரும்ப நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் சுமையைக் கணக்குப் போடுவோம். ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் வீதம் 150, விளக்குகள் 36, டிவி 50, ரூட்டர் 10. ஆக மொத்தம் 246 வாட். இன்வெர்ட்டரே கொஞ்சம் விழுங்கும். அதன் திறன் 82 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 300 வாட் போகிறது. 12 வோல்ட்டில் அது 25 ஆம்பியர்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 100 ஏ.எச், 20 மணி நேரக் கணக்கு. 5 ஆம்பியர் வீதம் மெதுவாக உறிஞ்சினால்தான் முழு 100 கிடைக்கும். 25 ஆம்பியர் வேகத்தில் இழுத்தால் அமிலம் தகட்டின் உள்ளே ஊறிப் போவதற்குள் மேற்பரப்பு தீர்ந்துவிடும். அதனால் 100 ஏ.எச் பேட்டரி இந்தச் சுமைக்குச் சுமார் 65 ஏ.எச் தரும், 150 ஏ.எச் பேட்டரி சுமார் 108 தரும். தினம் 2 மணி நேர மின்வெட்டு என்றால்:

| | 100 ஏ.எச் | 150 ஏ.எச் |
|---|---|---|
| 2 மணி நேரத்தில் எடுப்பது | 50 ஏ.எச் | 50 ஏ.எச் |
| இந்த வேகத்தில் கிடைப்பதில் பங்கு | முக்காலுக்கும் சற்று மேல் | பாதிக்கும் கீழ் |
| பேட்டரி தீர்ந்து இன்வெர்ட்டர் கட் ஆக இன்னும் மீதம் | அரை மணி நேரம் | 2 மணி நேரத்துக்கு மேல் |

வேலை ஒன்றுதான். ஆனால் ஒன்று தினமும் கிணற்றின் அடிவரை இறங்குகிறது, மற்றது பாதிப்படியில் திரும்பிவிடுகிறது.

ஆழம் ஏன் கொல்கிறது

டிஸ்சார்ஜ் ஆகும்போது பாசிட்டிவ் தகட்டில் இருக்கும் ஈய டை ஆக்சைடு, ஈய சல்ஃபேட்டாக மாறுகிறது. அது முன்பு இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது பழையபடி சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் தகட்டின் பூச்சு இப்படி வீங்கி வீங்கிச் சுருங்கி, துகள்களுக்கு இடையே இருந்த பிடி தளர்கிறது. தளர்ந்தது உதிர்ந்து அடியில் சேறாகப் படிகிறது. எவ்வளவு ஆழமாகக் காலி செய்கிறோமோ அவ்வளவு பூச்சு இந்த அவதிக்கு உள்ளாகிறது. டியூபுலரில் அந்தப் பூச்சைத் துணிக்குழாய்க்குள் அடைத்து வைத்திருப்பதால்தான் அது தட்டையான தகடு கொண்ட ஃபிளாட் பிளேட் பேட்டரியைவிட நீண்ட காலம் தாங்குகிறது. ஆனாலும் அது உதிர்வைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது.

பொதுவாக ஒரு நல்ல டியூபுலர், 80 சதவீத ஆழத்தில் 1,200 முதல் 1,500 சுற்று வரை போகும். பாதி ஆழத்தோடு நிறுத்தினால் ஏறக்குறைய இரு மடங்கு. தினம் ஒரு சுற்று என்றால் 100 ஏ.எச்சுக்கு மூன்றரை, நாலு வருஷம், 150 ஏ.எச்சுக்குக் காகிதத்தில் ஏழு வருஷத்தைத் தாண்டும். அந்த ஏழு வருஷத்தை அப்படியே நம்ப வேண்டாம். அதற்குள் பாசிட்டிவ் தகட்டின் ஈயக் கம்பிகளே வெயிலிலும் சார்ஜிலும் அரித்துப் போகும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு. மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் மே மாதம் வெந்துகொண்டிருக்கும் பேட்டரிக்கு அஞ்சு வருஷமே பெரிசு.

ஆகவே தினமும் கரண்ட் போகிற ஊரில் 150தான் சரி. மாதம் ஒரு தடவை, மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திப் பிற்பகலில் தருகிற ஊரில் கதை வேறு. அங்கே 150 வாங்குவது பேக்கப் நேரத்துக்காக மட்டுமே. சுற்றுகளின் எண்ணிக்கை தீர்வதற்கு முன்பே வயது தீர்ந்துவிடும்.

சின்னச் சுமைதான் அதிகம் காலி செய்யும்

இது பலருக்கும் தலைகீழாகத் தெரியும். இன்வெர்ட்டர் சுமார் 10.5 வோல்ட் வந்ததும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பெரிய சுமை ஓடும்போது வோல்டேஜ் சீக்கிரம் சரிந்து அந்தக் கோட்டைத் தொடும். உள்ளே இன்னும் சரக்கு மிச்சம் இருக்கும். ஒரே ஒரு ஃபேனும் இரவு விளக்கும் மட்டும் இரவெல்லாம் ஓடினால் வோல்டேஜ் மெதுவாக இறங்கும். 10.5ஐத் தொடும்போது பேட்டரி நிஜமாகவே வறண்டிருக்கும். அமிலம் கிட்டத்தட்டத் தண்ணீராகியிருக்கும். "நான் லோடே போடலை, எப்படிப் போச்சு?" என்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

கட் ஆகி அணைந்தபின் கொஞ்ச நேரத்தில் வோல்டேஜ் தானாக ஏறும். மறுபடி ஆன் செய்து பத்து நிமிஷம் ஓட்டலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

நிரப்பும் பக்கம்: பெரிய பேட்டரி தோற்கிற இடம்

2012இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் கரண்ட் போனதை இங்கே வைத்துப் பார்க்கலாம். அதே 25 ஆம்பியர் சுமை. போகிற ஒரு மணியில் 25 ஏ.எச் வெளியே போகிறது. வருகிற ஒரு மணியில் சார்ஜர் 15 ஆம்பியர் கொடுத்தால் 15 உள்ளே வருகிறது. அதிலும் கொஞ்சம் வீண். ஒவ்வொரு ஜோடி மணிக்கும் குறைந்தது 10 ஏ.எச் பற்றாக்குறை. ஆறு ஜோடியில் 60. 150 ஏ.எச் பேட்டரி இந்தக் கடனைத் தள்ளிப்போடும், அடைக்காது.

அங்கே ஜெயிக்கிற மூன்றாவது தேர்வு ஒன்று உண்டு. இரண்டு ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு மாற்றுவது. சுமை 156 வாட்டாகி, பேட்டரியிலிருந்து 16 ஆம்பியர்தான் போகும். பற்றாக்குறை ஏறக்குறைய மறைந்துவிடும். புதுப் பேட்டரிக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

சார்ஜ் கரண்ட் பேட்டரி எண்ணில் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. 150க்கு 15 ஆம்பியர். பழைய இன்வெர்ட்டர்கள் சில 10 ஆம்பியருக்கு மேல் தராது. அதில் 150ஐ மாட்டி, அடிக்கடி மின்வெட்டும் இருந்தால், பேட்டரி ஒருநாளும் நிறையாது. நிறையாமல் கிடக்கும்போது ஈய சல்ஃபேட் நுண்ணிய மணலாக இருந்தது, நாளடைவில் பெரிய கடினமான படிகமாக வளர்ந்து தகட்டை மூடும். பிறகு சாதாரண சார்ஜில் அது கரையாது. இன்னொரு தொல்லையும் உண்டு. உயரமான டியூபுலரில் கனமான அமிலம் அடியில் தங்கும், மேலே நீர்த்திருக்கும். சார்ஜ் முழுமையாகி குமிழி வந்தால்தான் அது கலங்கிச் சமமாகும்.

50 ஏ.எச் எடுத்ததைத் திருப்பி நிரப்ப 15 ஆம்பியரில் முதல் பெரும்பங்கு சுமார் மூன்று மணியில் ஏறிவிடும். கடைசிப் பங்கு கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே நாலைந்து மணி நேரம் எடுக்கும். அந்தக் கடைசிப் பங்குதான் ஆயுள். இன்வெர்ட்டரின் பின்னால் டியூபுலர், ஃபிளாட், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகையான எஸ்எம்எஃப் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பாருங்கள். டியூபுலரை வைத்துக்கொண்டு எஸ்எம்எஃப்பில் விட்டிருந்தால் சார்ஜ் வோல்டேஜ் குறைவாகவே நிற்கும். தண்ணீரே ஊற்ற வேண்டியிராது என்று சந்தோஷப்படுவோம். குமிழி வராததால்தான் தண்ணீர் குறையவில்லை.

எது கெட்டது என்று எப்படித் தெரியும்?

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, காலையில் இன்வெர்ட்டரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் அணைத்து, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மல்ட்டிமீட்டர் வையுங்கள். டியூபுலருக்கு 12.5 பக்கம் வந்தால் நிறைந்திருக்கிறது. 12.1 என்றால் பாதி. பிறகு அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் படியுங்கள். நிறைந்த டியூபுலர் பெரும்பாலும் 1.240 காட்டும், சரியான எண் பேட்டரி லேபிளில் இருக்கும். தண்ணீர் ஊற்றிய உடனே படித்தால் மேலே நிற்கும் தண்ணீரைத்தான் படிப்பீர்கள்.

ஆறு செல்லும் ஒரேபோல் 1.180 பக்கம் இருந்து, சார்ஜ் போட்ட அரை மணியிலேயே "ஃபுல்" என்று காட்டி, பேக்கப் கால் மணி நேரம்தான் வருகிறது என்றால் அது சல்ஃபேட். ஆரம்ப நிலையில் தேறும். 6, 7 ஆம்பியர் மெதுவான சார்ஜில் நீண்ட நேரம் விட்டு, மணிக்கொரு தடவை படித்து, மூன்று படிப்பும் ஏறாமல் நிற்கும்வரை ஓட்ட வேண்டும். அமிலம் 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், வெளியேறுவது ஹைட்ரஜன். "எண் ஏறணும்" என்று அமிலம் ஊற்றுகிற மெக்கானிக்கைத் தடுத்துவிடுங்கள். எண் ஏறும், தகடு ஏறாது.

ஐந்து செல் சரியாக, ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டி, மொத்த வோல்டேஜ் 10.5 பக்கம் நின்றால், அந்தச் செல்லில் அடியில் சேர்ந்த சேறு தகடுகளை இணைத்துவிட்டது. மெதுவான சார்ஜ் அதற்கு உதவாது. எண்கள் சரியாக இருந்தும் பேக்கப் இல்லை, தண்ணீர் அடிக்கடி வற்றுகிறது என்றால் அது கம்பி அரிப்பு. அதிகச் சார்ஜும் சூடும் செய்த வேலை.

பூட்டிய வீடு

நல்ல 150 ஏ.எச்சை ஒரே தடவையில் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்கென்று மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரை அப்படியே விடுவது. இன்வெர்ட்டருக்கு அது மின்வெட்டு. எந்தச் சுமையும் இல்லாவிட்டாலும் தன் வேலைக்கு ஒரு ஆம்பியருக்கு மேல் குடித்துக்கொண்டே இருக்கும். நாலைந்து நாளில் பேட்டரி காலி. மீதி மாதம் முழுக்கக் காலியாகவே கிடந்து படிகம் கட்டும். மெயினை அணைக்கத்தான் வேண்டும் என்றால், முதல்நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, தண்ணீர் மட்டம் பார்த்து, இன்வெர்ட்டரின் முன் சுவிட்சை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அப்படிக் கிடந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் தானாகக் குறையும். திரும்பி வந்ததும் ஒயரை மாட்டி, சுமை எதுவும் போடாமல் ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் விட்டால் போதும்.